இரண்டாம் ஆண்டுக்கு என்ன விலை?

"ஓராண்டுக்கு 6.25, இரண்டாண்டுக்கு 6.97. முக்கால் சதவீதம்கூடத் தேறாத வித்தியாசத்துக்காக இன்னொரு வருஷம் பணத்தைப் பூட்டி வைப்பானேன்?"

நாரணாபுரத்திலும் சிவகாசியிலும் தீபாவளி வசூல் கைக்கு வந்த பிறகு இந்த மாதிரிப் பேச்சு எழும். அரசுப் பத்திரங்களைப் பற்றி எழுதுகிறவர்களும் முதலீட்டு ஆலோசகர்களும் இதைத்தான் வேறு சொற்களில் சொல்கிறார்கள். பத்திரத்தின் யீல்டுதான் அதன் வட்டி, இரண்டு யீல்டுகளைக் கழித்தால் கூடுதல் காலத்துக்கான கூலி கிடைத்துவிடும், அது சிறியதென்றால் குறுகிய காலத்திலேயே நில்லுங்கள் என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் கணக்கு தப்பு. தப்பின் அளவும் சிறியதல்ல. கூடுதல் ஆண்டுக்குச் சந்தை கொடுக்கும் கூலியை அது ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டுகிறது.

வேடிக்கை என்னவென்றால், இதே ஊர்க்காரர்கள் மூலப்பொருள் வாங்கும்போது இந்தத் தப்பைச் செய்வதில்லை. அலுமினியப் பவுடர் ரொக்கத்துக்கு 100 ரூபாய், 60 நாள் கடனுக்கு 102, 90 நாள் கடனுக்கு 103.60 என்று வியாபாரி விலை சொல்வதாக வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்தையும் சேர்த்துப் பார்த்தால் மாதம் நூற்றுக்கு 1.20. பழகிய முதலாளி அதோடு நிற்கமாட்டார். மூன்றாம் மாதத்துக்கு மட்டும் என்ன கேட்கிறான் என்று பார்ப்பார். 102 ரூபாயின் மேல் 1.60, அதாவது ஒன்றரை வட்டிக்கும் மேல். வெளியே ஒன்றேகால் வட்டிக்குப் பணம் புரட்ட முடிந்தால் 60ஆம் நாளே கணக்கை முடித்துவிடுவார். இவர் கணக்கிட்டதற்குப் பெயர்தான் முன்னோக்கு விகிதம், சந்தைப் பேச்சில் ஃபார்வர்டு. பத்திரம் என்று வந்ததும் அதே ஆள் சராசரியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. பவுடர் வியாபாரி 60 நாள் விலையையும் 90 நாள் விலையையும் தனித்தனியாகச் சொல்கிறான். பத்திரச் சந்தை அப்படிச் சொல்வதில்லை. அது கூப்பன்களையும் அசலையும் ஒரே மூட்டையாகக் கட்டி, மூட்டைக்கு ஒரு விலை சொல்கிறது.

அந்த மூட்டையை அவிழ்ப்பதுதான் பூட்ஸ்ட்ராப்பிங். மத்திய அரசின் பத்திரங்கள் ஆண்டுக்கு இருமுறை கூப்பன் தருகின்றன. ஆகவே நமக்கு வேண்டியது ஒவ்வோர் அரையாண்டின் முடிவிலும் கிடைக்கும் ஒரு ரூபாய்க்கு இன்று என்ன விலை என்பது. கீழே வரும் விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. முறை மட்டும் சந்தையில் உள்ளதுதான்.

முதல் இரண்டு படிகளில் வேலையே இல்லை. கருவூலப் பில்லில் கூப்பன் கிடையாது. குறைந்த விலைக்கு வாங்கி முதிர்வில் நூறு ரூபாய் பெற்றுக்கொள்வதுதான். 182 நாள் பில் 97.09க்குக் கிடைத்தால், ஆறு மாதம் கழித்து வரும் ஒரு ரூபாயின் இன்றைய விலை 0.9709. 364 நாள் பில் 94.03 என்றால், ஓராண்டு கழித்து வரும் ரூபாய்க்கு 0.9403. (நாள் கணக்கில் உள்ள சிறு வேறுபாட்டை இங்கே விட்டுவிடுகிறேன். உண்மையான கணக்கில் விடக் கூடாது.)

ஓராண்டுக்கு மேல் பில் இல்லை. அங்கிருந்து கூப்பன் பத்திரங்களைத்தான் நம்ப வேண்டும். ஒன்றரை ஆண்டில் முதிரும் 7 சதவீதப் பத்திரம் ஒன்று 100.58க்குக் கிடைக்கிறது. அது ஆறாம் மாதம் 3.50, பன்னிரண்டாம் மாதம் 3.50, பதினெட்டாம் மாதம் 103.50 தரும். முதல் இரண்டு தவணைகளின் விலை நமக்கு ஏற்கெனவே தெரியும்: 3.50 × (0.9709 + 0.9403) = 6.69. விலையிலிருந்து அதைக் கழித்தால் மிச்சம் 93.89. இது முழுக்கப் பதினெட்டாம் மாதத்து 103.50க்குக் கொடுத்த பணம். வகுத்தால் 0.9072. ஒன்றரை ஆண்டு கழித்து வரும் ரூபாயின் விலையை எங்கும் யாரும் அறிவிக்கவில்லை, நாமே பிரித்தெடுத்துவிட்டோம்.

அடுத்தது இரண்டாண்டில் முதிரும் 8 சதவீதப் பத்திரம், விலை 101.90. நான்கு ரூபாய்க் கூப்பன்கள் மூன்று, கடைசியில் 104. மூன்று கூப்பன்களின் விலை 4 × (0.9709 + 0.9403 + 0.9072), அதாவது 11.27. மிச்சம் 90.63, அதை 104ஆல் வகுத்தால் 0.8714. ஒவ்வொரு படியும் முந்தைய படிகளின் விடையைத் தின்றுதான் முன்னேறுகிறது. முறையின் பலமும் பலவீனமும் அதுதான். பலவீனத்தைப் பின்னால் பார்ப்போம்.

இந்த நான்கு விலைகளையும் வட்டியாக மாற்றினால் ஸ்பாட் விகிதங்கள் கிடைக்கும். அரையாண்டு விகிதத்தை இரண்டால் பெருக்கிச் சொல்வது நம் பத்திரச் சந்தையின் வழக்கம். அப்படிச் சொன்னால் ஆறு மாதத்துக்கு 6.0, ஓராண்டுக்கு 6.25, ஒன்றரை ஆண்டுக்கு 6.60, இரண்டாண்டுக்கு 7.00 சதவீதம். அந்த 8 சதவீதப் பத்திரத்தின் யீல்டு 6.97. ஸ்பாட் 7.00 என்றிருக்கும்போது யீல்டு ஏன் குறைகிறது? பத்திரத்தில் உள்ள பணத்தில் கொஞ்சம் சீக்கிரமே கூப்பனாகத் திரும்பி வந்துவிடுகிறது; அந்தப் பகுதிக்கு 6.0, 6.25 என்ற குறைந்த வட்டிதான் கிடைக்கிறது. யீல்டு இவை எல்லாவற்றையும் கலந்த சராசரி. பாடநூல்கள் இந்த 6.97க்கும் 7.00க்கும் உள்ள இடைவெளியைப் பக்கம் பக்கமாக விளக்குகின்றன. இரண்டாண்டுப் பத்திரத்தில் அது வெறும் 0.03, யாருடைய தூக்கத்தையும் கெடுக்காது. முதிர்வு நீளும்போது, வட்டிக் கோடு செங்குத்தாக ஏறும்போது, கூப்பன் பெரிதாகும்போது இடைவெளி வளரும். ஆனால் என் சண்டை அதோடு அல்ல.

சண்டை முன்னோக்கு விகிதத்தில் இருக்கிறது. ஓராண்டு ரூபாயின் விலை 0.9403, இரண்டாண்டு ரூபாயின் விலை 0.8714. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.0791. இரண்டாம் ஆண்டு முழுவதற்கும் சந்தை வைத்திருக்கும் விலை 7.91 சதவீதம், அரையாண்டு வழக்கப்படி சொன்னால் 7.76. முதலாண்டு அதே வழக்கத்தில் 6.25. ஆக, இரண்டாம் ஆண்டுக்கான கூடுதல் கூலி முக்கால் சதவீதம் அல்ல, ஒன்றரை சதவீதம். 6.97 என்ற சராசரியில் முதலாண்டின் குறைந்த வட்டியும் கலந்திருப்பதால் இரண்டாம் ஆண்டின் உயரம் அமுங்கிப் போகிறது. கடைசி அரையாண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் இன்னும் கூர்மையாகத் தெரியும்: 0.9072 ÷ 0.8714 = 1.0411. ஆண்டுக்கு 8.22 சதவீதம்! 6.97 என்று அறிவிப்புப் பலகையில் படித்துவிட்டு நடையைக் கட்டியவர் வேண்டாம் என்று தள்ளியது இந்த 8.22ஐத்தான்.

"காகிதத்தில் எழுதிப் பார்க்கிற எண், கையில் வருமா?" என்று உடனே கேட்பார்கள். வரும். ஓராண்டில் ஒரு லட்சம் முதிரும் பில் ஒருவரிடம் இருக்கிறது. இன்று விற்றால் 94,030 ரூபாய். அந்தப் பணத்தை இரண்டாண்டு ரூபாயாக 0.8714 வீதம் வாங்கினால் 1,07,907 ரூபாய் முதிர்வுள்ளது கிடைக்கும். அவர் இப்போது செய்தது என்ன? அடுத்த ஆண்டு வரவேண்டிய ஒரு லட்சத்தை விட்டுக்கொடுத்து, அதற்கடுத்த ஆண்டில் 1,07,907 வாங்கிக்கொண்டார். கைக்காசு ஒன்றும் போடவில்லை. இரண்டாம் ஆண்டின் வட்டியை இன்றே 7.91 என்று பூட்டிவிட்டார். யூகமும் இல்லை, ஜோசியமும் இல்லை; இன்றைய இரண்டு விலைகள்தான். கூப்பனில்லாத இரண்டாண்டுப் பத்திரம் கிடைப்பது அரிது என்பது உண்மைதான். கூப்பனையும் அசலையும் பிரித்து விற்கும் ஸ்ட்ரிப்ஸ் ஏற்பாட்டை 2010 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி தொடங்கியது. ஆனால் சிறு முதலீட்டாளர் நினைத்தபோது வாங்கி விற்கும் அளவுக்கு அது புழங்கவில்லை. கூப்பன் பத்திரத்தை வாங்குகிறவர் இடையில் வரும் கூப்பன்களை அன்றைய வட்டிக்கு மறுபடி போட வேண்டியிருக்கும். அதனால் அவருக்குக் கிடைப்பது 7.91க்கு அருகில் இருக்கும், அச்சாக 7.91 ஆக இருக்காது. இரண்டாண்டில் அந்த வேறுபாடு சிறியது.

இனி, கொஞ்சம் படித்தவர்களின் மறுப்பு. "முன்னோக்கு விகிதம் என்பது வருங்கால வட்டியைப் பற்றிய சந்தையின் கணிப்பு. அது பலிப்பதே இல்லை. பலிக்காத கணிப்பை வைத்து என்ன செய்வது?" இந்த வாதத்தின் முதல் வாக்கியமே தவறு. முன்னோக்கு விகிதம் கணிப்பு அல்ல, சமன்புள்ளி. ஓராண்டுக்குப் போட்டு, முதிர்ந்ததும் மறுபடி ஓராண்டுக்குப் போடுகிறவரும், இரண்டாண்டுக்கு ஒரேயடியாகப் போடுகிறவரும் சமமாக முடிக்க வேண்டுமென்றால் அடுத்த ஆண்டு ஓராண்டு வட்டி எவ்வளவு இருக்க வேண்டும்? 7.76. அவ்வளவுதான் அந்த எண் சொல்கிறது. பத்து லட்சத்தில் பார்ப்போம். இரண்டாண்டுக்குப் பூட்டியவருக்குச் சுமார் 11,47,600 கிடைக்கும். அடுத்த ஆண்டு வட்டி 7.0 ஆக இருந்தால் மாற்றிப் போட்டவர் 11,39,200இல் நின்றுவிடுவார். எட்டாயிரத்துச் சொச்சம் நட்டம். 8.5 ஆக ஏறினால் அவர் கையில் 11,55,800. இப்போது எட்டாயிரத்துச் சொச்சம் லாபம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "வட்டி ஏறுமா?" என்பது அல்ல. ஏறட்டும். 6.25இலிருந்து 7.76ஐயும் தாண்டி ஏறுமா என்பதே கேள்வி. வட்டி ஏறப்போகிறது என்று சரியாகக் கணித்தவரே 7.0 வரை மட்டும் ஏறியதால் தோற்றுப்போகிறார் பாருங்கள். யீல்டை மட்டும் பார்க்கிறவருக்கு இந்தத் தோல்வி ஏன் நேர்ந்தது என்றுகூடப் புரியாது.

முன்னோக்கு விகிதத்துக்குள் எதிர்பார்ப்பும் இருக்கிறது, நீண்ட காலம் பணத்தைக் கட்டிப்போடும் ஆபத்துக்கான கூலியும் இருக்கிறது. இரண்டையும் விலையை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. 2020 மே 22 அன்று ரிசர்வ் வங்கி ரெப்போவை 4.00 சதவீதமாகக் குறைத்தது. குறுகிய காலப் பில்கள் அதற்கும் கீழே போயின. பத்தாண்டுப் பத்திரம் 6 சதவீதத்தை ஒட்டியே நின்றது. கோடு அவ்வளவு செங்குத்தாக இருந்ததால், அதிலிருந்து பிரித்தெடுத்த முன்னோக்கு விகிதங்கள் ஆண்டுக்கு ஆண்டு வேகமாக ஏறின. ரெப்போவோ 2022 மே 4 வரை 4.00இலேயே கிடந்தது. "பார்த்தீர்களா, பலிக்கவில்லை" என்று அப்போது சொன்னார்கள். 2023 பிப்ரவரியில் ரெப்போ 6.50 ஆனபோது "பலித்துவிட்டது" என்று சொல்லியிருக்கலாம். இரண்டு தீர்ப்புமே வீண். முதல் இரண்டு ஆண்டுகளில் மாற்றி மாற்றிப் போட்டவர் அந்த ஏறிய முன்னோக்கு விகிதங்களை இழந்தார் என்பதும், அந்தக் கூலி அவருக்குக் கண்முன்னே கொடுக்கப்பட்டிருந்தது என்பதும்தான் அதில் உள்ள செய்தி.

சராசரி எதிர்த்திசையிலும் ஏமாற்றும். 2013 ஜூலை 15 அன்று ரூபாயின் சரிவைத் தடுக்க ரிசர்வ் வங்கி எம்.எஸ்.எஃப். விகிதத்தை 10.25 ஆக உயர்த்தியபோது கோடு தலைகீழானது. 91 நாள் பில் 11 சதவீதத்தைத் தாண்டியது. பத்தாண்டுப் பத்திரம் அதைவிடக் குறைவாக நின்றது. அப்படிப்பட்ட நேரத்தில் பின்னாண்டுகளின் முன்னோக்கு விகிதம் யீல்டைவிடக் கீழே இருக்கும். நீண்ட பத்திரத்தின் யீல்டைப் படித்து "பத்தாண்டுக்கும் இந்த வட்டி" என்று மகிழ்ந்தவர் பின்னாண்டுகளுக்கு உண்மையில் ஏற்றுக்கொண்டது அதைவிடச் சிறிய எண்ணை.

எதிர்த்தரப்பில் ஒரு வாதத்துக்கு மட்டும் நான் தலைவணங்குவேன். இந்தக் கணக்கு நொய்மையானது என்பது அது. மேலே சொன்ன இரண்டாண்டுப் பத்திரத்தின் விலையை 101.90க்குப் பதில் 101.80 என்று எழுதிவிட்டோம் என்று வையுங்கள். பத்து பைசா. இரண்டாண்டு ஸ்பாட் 7.00இலிருந்து 7.06 ஆகும், பெரிதில்லை. ஆனால் கடைசி அரையாண்டின் முன்னோக்கு விகிதம் 8.22இலிருந்து 8.45ஐ ஒட்டி எகிறிவிடும். இரண்டாண்டுக்கும் பரவ வேண்டிய பிழை முழுக்க ஓர் அரையாண்டின் தலையில் இறங்குவதே காரணம். அந்தத் தவறான விடையை வைத்து அடுத்த படியைக் கட்டினால் அங்கே பிழை எதிர்த்திசையில் விழும். முன்னோக்கு விகிதங்கள் ரம்பப் பல்லைப் போல ஏறி இறங்கினால், சந்தை அப்படி நினைக்கிறது என்று யாரும் கதை கட்ட வேண்டாம். பெரும்பாலும் ஏதோ ஒரு விலை பழையது, அல்லது அந்தப் பத்திரம் விற்பனையே ஆகாமல் கிடப்பது.

அதைவிடப் பெரிய விபத்து ஒன்று உண்டு, புதியவர்கள் எல்லோரும் விழும் குழி. திரையில் தெரியும் விலையில் சேர்ந்த வட்டி அடங்காது. கடைசிக் கூப்பன் தேதியிலிருந்து மூன்று மாதம் ஓடியிருந்தால் 8 சதவீதப் பத்திரத்துக்கு நூற்றுக்கு 2 ரூபாய் சேர்ந்திருக்கும். வாங்குகிறவர் அதையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். கணக்கில் போட வேண்டியது அந்தக் கூட்டுத்தொகையை. பத்து பைசாவுக்கே கால் சதவீதம் ஆடுகிற இடத்தில் இரண்டு ரூபாயை விட்டால் விடை எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. அரசுப் பத்திரங்களில் மாதத்தை 30 நாளாகவும் ஆண்டை 360 நாளாகவும் எண்ணுவது வழக்கம், பில்களில் உண்மையான நாள்களும் 365உம். கலந்தால் அதுவும் பிழை.

ஆனால் நொய்மை என்பது கணக்கைக் கைவிடக் காரணமல்ல. கவனமாகச் செய்யத்தான் காரணம். கையால் செய்ய வேண்டியதும் இல்லை. அன்றாட விலைகளைக் கொண்டு, ஒவ்வொரு பத்திரத்தின் வழியாகவும் முட்டிமோதிப் போகாமல் எல்லாவற்றுக்கும் அருகில் செல்லும் வழுவழுப்பான ஒரு கோட்டைப் பொருத்தி, கூப்பனில்லா வட்டிக் கோட்டை சி.சி.ஐ.எல். வெளியிடுகிறது, எஃப்.பி.ஐ.எல். நிறுவனமும் 2018இலிருந்து அரசுப் பத்திரங்களுக்கான கோட்டை வெளியிட்டு வருகிறது. அதில் ஓராண்டு எண்ணையும் இரண்டாண்டு எண்ணையும் எடுத்து, ஒரு ரூபாயின் விலையாக மாற்றி, ஒரு வகுத்தல் போட்டால் போதும். "இது மும்பை டீலிங் அறையின் சமாச்சாரம், நமக்கெதற்கு" என்ற பேச்சுக்கு 2021 நவம்பர் 12க்குப் பிறகு மதிப்பில்லை. அன்று தொடங்கிய ரிசர்வ் வங்கியின் ரீடெயில் டைரக்ட் வழியாக நாரணாபுரத்தில் உட்கார்ந்துகொண்டே பத்தாயிரம் ரூபாய்க்கு அரசுப் பத்திரம் வாங்கலாம். விற்பதுதான் கடினம். சிறு அளவுக்கு வாங்க ஆள் குறைவு. கேட்ட விலை கிடைக்காது. சித்திரையில் மருந்து வாங்கவும் கூலி கொடுக்கவும் பணம் தேவைப்படும் என்று தெரிந்தவர், இரண்டாம் ஆண்டின் 7.76ஐப் பார்த்து மயங்கி நடப்பு மூலதனத்தை அதில் போடக் கூடாது. இடையில் விற்றால் அவருக்கு என்ன கிடைக்கும் என்பதையும் அதே 7.76தான் சொல்லும். அடுத்த ஆண்டு வட்டி அதற்கு மேலே போனால் பில்லில் போட்டவரைவிடக் குறைவு. கீழே இருந்தால் அதிகம்.

பத்திரமே வேண்டாம், வங்கி வைப்பு போதும் என்கிறவருக்கு வேலை இன்னும் எளிது. வட்டியை அசலோடு சேர்த்து முதிர்வில் மொத்தமாகத் தரும் வைப்பில் கூப்பன் இல்லை. அதன் வட்டி நேரடியாகவே ஸ்பாட் விகிதம். மூட்டை அவிழ்க்க வேண்டியதில்லை. வங்கிப் பலகை சந்தை விலை அல்ல, வங்கியின் தேவையைக் காட்டும் விலை என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். 2024 ஜூலையில் ஸ்டேட் வங்கி 'அம்ருத் விருஷ்டி' என்ற பெயரில் 444 நாளுக்கு 7.25 சதவீதம் அறிவித்தது. அப்போது இரண்டாண்டு வைப்புக்கு 7.00. கால் சதவீதம் அதிகம் என்று எல்லோரும் 444 நாளுக்கு ஓடினார்கள். இரண்டாண்டுக்குப் பணம் தேவைப்படாதவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. காலாண்டுக் கூட்டு வட்டியில் கணக்கிட்டால், 444ஆம் நாளிலிருந்து இரண்டாண்டு முடிய மிஞ்சும் 286 நாளுக்கு அந்தப் பலகை ஒளித்து வைத்திருந்த விலை ஏறக்குறைய 6.6. அதாவது, 7.25ஐ எடுத்தவர் முதிர்வன்று அந்த 286 நாளுக்கு 6.6க்கு மேல் கிடைத்தால்தான் ஜெயிக்கிறார். அந்த வைப்புகள் 2025 அக்டோபரில் முதிரத் தொடங்கியபோது ரெப்போ 6.50இலிருந்து 5.50க்கு இறங்கியிருந்தது, ஓராண்டுக்கு உட்பட்ட வைப்புக்கு அதே வங்கியில் 6.6 கிடைக்கவில்லை. அதிக வட்டியைத் தேர்ந்தெடுத்தவர்தான் இரண்டாண்டு முடிவில் குறைவான பணத்தோடு நின்றார். வட்டி ஏறியிருந்தால் அவர் ஜெயித்திருப்பார். 2024இல் அதை யாரும் அறிந்திருக்க முடியாது. 6.6 என்ற எண்ணை மட்டும் அன்றே அறிந்திருக்க முடியும்.